‘இருப்பேன்’ என்பதற்கு நேரே ஒரே பெயரை எழுதாதீர்கள்

முதலியார்பேட்டையில் வீட்டு மாடியிலும் முன்னறையிலும் பிரெஞ்சு டியூஷன் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

நானும் இதே பேட்டையில், இதே வேலையைச் செய்கிறவன்தான். நம்மிடம் வரும் பிள்ளைகளின் நோட்டுகளில் ஒரு பட்டியல் உண்டு. யார் முதலில் எழுதியதோ தெரியாது. அக்கா நோட்டிலிருந்து தம்பி நோட்டுக்கு இறங்கி வந்துகொண்டே இருக்கிறது. பாஸே கொம்போஸே என்றால் ‘இருக்கிறேன்’, ப்ளூ-கெ-பார்ஃபே என்றால் ‘இருந்தேன்’, ஃப்யூத்யூர் ஆந்தேரியர் என்றால் ‘இருப்பேன்’. மூன்றே வரிதான். சொல்தா வீட்டுப் பிள்ளைகளானாலும், பள்ளியில் இரண்டாம் மொழியாக எடுத்தவர்களானாலும், டெல்ஃப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களானாலும் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

இந்த மூன்று வரிகளில் ஒன்று பெரும்பாலும் சரி, ஒன்று பாதி சரி, ஒன்று ஆபத்து. எது எது என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வழியைக் காட்டியவர் ஹான்ஸ் ரைகன்பாக். 1891இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். இயற்பியலின் தத்துவம் அவருடைய துறை. 1933இல் ஹிட்லர் ஆட்சி வந்ததும் பெர்லின் வேலை போய், இஸ்தான்புல்லில் ஐந்தாண்டு கற்பித்துவிட்டு, 1938இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார். 1947இல் குறியீட்டுத் தர்க்கம் பற்றி அவர் எழுதிய பாடநூலில், வினைச்சொல்லின் காலங்களுக்கென்று பத்துப் பன்னிரண்டு பக்கம் ஒதுக்கினார். அந்தச் சில பக்கங்களை விட்டுவிட்டு இன்று யாரும் காலத்தைப் பற்றி மொழியியலில் பேசுவதில்லை.

அவர் சொன்னது இது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று நாம் பிரிக்கும்போது இரண்டு நேரங்களைத்தான் ஒப்பிடுகிறோம்: பேசுகிற நேரம், காரியம் நடந்த நேரம். அது போதாது. மூன்றாவதாக ஒரு நேரம் வேண்டும். பேசுகிறவர் மனத்தால் எந்த நேரத்தில் போய் நின்றுகொண்டு அந்தக் காரியத்தைப் பார்க்கிறாரோ, அந்த நேரம். முதல் இரண்டையும் பேசு நேரம், நிகழ்வு நேரம் என்று சொல்கிறேன். மூன்றாவதை நோக்கு நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்துகளில் அவர் இவற்றை S, E, R என்று குறித்தார். காலம் காட்டும் ஒவ்வொரு வடிவமும் இந்த மூன்றையும் ஒரு வரிசையில் அடுக்குகிறது. சில ஒன்றன்மேல் ஒன்றாக விழும், சில தள்ளி நிற்கும்.

நம் ஊர் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. இப்போது இரண்டு வாக்கியங்கள்:

“1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது.”

“1962இல் சட்டப்படி சேர்ந்தபோது, நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்திருந்தது.”

முதல் வாக்கியத்தில் நிகழ்வு 1962இல். நாம் நின்று பார்ப்பதும் 1962இல்தான். இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றன. பேசு நேரம் மட்டும் பின்னால், இன்று இருக்கிறது. இரண்டாவதில் நாம் 1962இல் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறோம். நிகழ்வு அங்கே ஏழே முக்கால் ஆண்டுக்கு அப்பால், 1954இல் கிடக்கிறது. நிகழ்வு, நோக்கு, பேச்சு என்று மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ப்ளூ-கெ-பார்ஃபே செய்வதும் அதேதான். ஆகவே பட்டியலின் இரண்டாவது வரி பெரும்பாலும் சரி.

ஆனால் அதை எப்படிச் சொல்லித்தருகிறோம்? ‘இறந்த காலத்துக்கும் முந்தைய இறந்த காலம்’ என்று. அப்படிச் சொன்னால், பழைய காரியமெல்லாம் ப்ளூ-கெ-பார்ஃபே என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. ரோடியர் மில் 1898இல் தொடங்கியதாயிற்றே, எவ்வளவு பழசு, அதனால் ‘தொடங்கியிருந்தது’ என்று எழுதுகிறது. பழமைக்கும் இந்த வடிவத்துக்கும் சம்பந்தமில்லை. பத்து நிமிடத்துக்கு முன் நடந்ததற்கும் இது வரும்: “நான் கேட்டைத் தாண்டியபோது ரயில் போயிருந்தது.” நின்று பார்க்க வாக்கியத்தில் ஒரு பிந்தைய நேரம் வேண்டும், அல்லது முன் வாக்கியம் அதைக் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் வெறுமனே ‘மில் தொடங்கியிருந்தது’ என்றால் கேட்கிறவர், “எப்போது பார்க்கும்போது?” என்றுதான் கேட்பார்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. வரலாற்றுப் புத்தகத்தில் “1962இல் நிர்வாகம் கைமாறியிருந்தது” என்று ஒரு வரி இருந்தால், கைமாறிய ஆண்டு 1962 என்றே பிள்ளை குறித்துக்கொள்ளும். அந்த ஆண்டு நோக்கு நேரத்தைச் சுட்டுகிறது. நிகழ்வு நேரத்தை அந்த வரி சொல்லவேயில்லை. “1954இல் கைமாறியிருந்தது” என்றும் எழுதலாம். அப்போது அதே இடத்தில் நிற்கும் ஆண்டு நிகழ்வைச் சுட்டுகிறது. பிரெஞ்சிலும் இதே மயக்கம் உண்டு: ‘ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தார்’ என்பதற்கு ஐந்து மணிக்குக் கிளம்பினார் என்றும் பொருள், ஐந்து மணிக்குப் பார்த்தபோது ஆள் இல்லை என்றும் பொருள். தமிழில் நமக்கு ஒரு வசதி, ஏகாரம். ‘ஐந்து மணிக்கே கிளம்பியிருந்தார்’ என்றால் நேரம் நிகழ்வோடு ஒட்டிக்கொள்கிறது. ‘ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பியிருந்தார்’ என்றால் பெரும்பாலும் நோக்கு நேரத்தோடு. மொழிபெயர்க்கும் முன் பிள்ளையை இந்த ஒட்டைச் சேர்த்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஒட்டு பொருந்துகிறதோ அது பதிலைக் காட்டிவிடும்.

அடுத்து, பாதி சரியான முதல் வரி.

பாஸே கொம்போஸே இரண்டு வேலை பார்க்கிறது. பேச்சுப் பிரெஞ்சில் பழைய பாஸே ஸேம்ப்ள் ஒதுங்கிப்போய், நாவலிலும் வரலாற்றிலும் மட்டும் தங்கிவிட்டது. அதன் சுமையையும் பாஸே கொம்போஸே தூக்கிக்கொண்டது. ஆகவே ‘ழெ மான்ழே’ என்று ஒருவர் சொன்னால், நேற்று இரவு சாப்பிட்ட கதையைச் சொல்கிறாரா, இப்போது வயிறு நிறைந்திருப்பதைச் சொல்கிறாரா என்பது வடிவத்தில் இல்லை. முதலாவதில் நோக்கு நேரம் நேற்று இரவு, நிகழ்வோடு சேர்ந்தே நிற்கிறது. இரண்டாவதில் நோக்கு நேரம் இப்போது. நிகழ்வு மட்டும் முன்னே.

தமிழ் இந்த இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. “நேற்று இட்லி சாப்பிட்டேன்” என்பது கதை. “நான் ஆட்டுக்கால் சூப் சாப்பிட்டிருக்கிறேன்” என்பது இன்றைய என்னைப் பற்றிய செய்தி, ஓர் அனுபவம். நம் பட்டியலை நம்பிய பிள்ளை, ஒரு பிரெஞ்சுக் கதையை எடுத்து, “காலையில் எழுந்திருக்கிறேன், பல் துலக்கியிருக்கிறேன், பஸ் ஏறியிருக்கிறேன்” என்று தமிழாக்குகிறது. போலீஸ் விசாரணையில் யாரோ வேறொருவரின் நடமாட்டத்தைச் சொல்வது போல இருக்கிறது அது.

ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதுதான் சுவையான இடம். ஆங்கிலத்தில் நிகழ்கால முற்று வடிவத்தோடு ‘நேற்று’ என்ற சொல் சேராது. ரைகன்பாக் அதற்குக் காரணம் சொன்னார்: நேரம் குறிக்கும் சொல் நோக்கு நேரத்தைத்தான் பிடிக்கும், அந்த வடிவத்தில் நோக்கு நேரம் ‘இப்போது’, ஆகவே ‘நேற்று’க்கு இடமில்லை. அழகான விளக்கம். ஆனால் தமிழுக்கு வந்தால் உடைகிறது. காலையில் கதவைத் திறக்கிறோம்; தெரு ஈரமாக இருக்கிறது. “ராத்திரி மழை பெய்திருக்கிறது” என்கிறோம். ராத்திரி என்ற சொல் நிகழ்வைப் பிடித்துக்கொண்டது, நோக்கு நேரம் இப்போதே இருக்கிறது, வாக்கியத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் சேர்ந்துகொள்கிறது: பேசுகிறவர் மழையைப் பார்க்கவில்லை. இப்போது கண்முன் இருக்கும் தடயத்தைப் பார்த்துச் சொல்கிறார். பார்த்திருந்தால் ‘ராத்திரி மழை பெய்தது’ என்றுதான் சொல்லியிருப்பார். நோக்கு நேரம் இப்போது என்பதன் பொருள் தமிழில் சில சமயம் இதுதான்: சாட்சி இப்போது இருக்கிறது. தன் காலை வேலைகளையே ‘பல் துலக்கியிருக்கிறேன்’ என்று தேதி போட்டுச் சொன்னால் விசாரணை போல ஒலிப்பது அதனால்தான்.

எதிர்த்திசையில் இது பிரெஞ்சுக்குப் போகும்போது, வெறும் பாஸே கொம்போஸே அந்தத் தடயத்தை ஏந்தாது. ‘மழை பெய்தது’ என்ற அளவுக்குத்தான் அது நிற்கும். ‘பெய்திருக்க வேண்டும்’ என்பதற்கான துவார் என்ற வினையையோ, ‘போலிருக்கிறது’ என்பதற்கான ஒரு தொடரையோ சேர்க்க வேண்டும்.

இதே ‘இரு’ இன்னொரு இடத்தில் நிகழ்வையே மறைத்துவிடும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். “ரயில்வே கேட் மூடியிருக்கிறது” என்கிறவர் யார் மூடினார், எப்போது மூடினார் என்று பேசவில்லை. மூடிய நிலையைச் சொல்கிறார். இதற்குப் பிரெஞ்சில் எத்ர் வினையும் ஒரு பெயரடையும் போதும், பாஸே கொம்போஸே வேண்டாம். சோதனை எளிது: ‘அரை மணி நேரமாக’ என்று சேர்த்துப் பாருங்கள். “அரை மணி நேரமாக மூடியிருக்கிறது” என்று இயல்பாக வந்தால், அது நிலை. “அரை மணி நேரமாக அவர் கடிதம் எழுதியிருக்கிறார்” என்று அப்படி வராது, அது நிகழ்வு. தமிழின் துணைவினைகளைப் பற்றி நிதானமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, தாமஸ் லேமன் ஆங்கிலத்தில் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கணம் இருக்கிறது. வெளியூர்ப் பதிப்பல்ல, 1989இல் நம் புதுச்சேரி மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமே வெளியிட்டது.

இனி ஆபத்தான மூன்றாவது வரி.

ஃப்யூத்யூர் ஆந்தேரியரின் நேரான பயன் எல்லோருக்கும் தெரியும். “நீங்கள் வரும்போது நான் சமைத்து முடித்திருப்பேன்.” நோக்கு நேரம் நாளை, நீங்கள் வரும் வேளை, சமையல் அதற்கு முன். பிரெஞ்சில் அந்த ‘வரும்போது’ நோக்கு நேரத்தைச் சுமப்பதால் அதையும் எதிர்காலத்தில் போட வேண்டும். நம் ‘வரும்’ என்ற பெயரெச்சத்தைப் பார்த்துப் பிள்ளைகள் நிகழ்காலத்தில் போட்டுவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். அது சிறிய பிழை.

ரைகன்பாக் கவனித்த ஒன்று இதைவிடப் பெரியது. இந்த வடிவம், நிகழ்வு நோக்கு நேரத்துக்கு முன்னே என்கிறது; நோக்கு நேரம் பேச்சுக்குப் பின்னே என்கிறது. நிகழ்வுக்கும் பேச்சுக்கும் நடுவே என்ன உறவு என்று அது சொல்வதில்லை. நாளை ஆறு மணிக்குள் நான் கட்டுரையை முடித்திருப்பேன் என்றால், அதை இன்று ராத்திரி முடிக்கலாம், இந்த நொடியே முடிக்கலாம், நேற்றே முடித்து மேசையில் வைத்துமிருக்கலாம். மூன்றிலும் வாக்கியம் பொய்யாகாது.

அந்தத் திறந்த வாசல் வழியாக ஊகம் உள்ளே வருகிறது. “மாமா இந்நேரம் பாரிஸ் போய்ச் சேர்ந்திருப்பார்.” “பஸ்ஸைத் தவறவிட்டிருப்பான், அதான் காணோம்.” இரண்டும் நடந்து முடிந்ததைப் பற்றியவை. பிரெஞ்சிலும் ஃப்யூத்யூர் ஆந்தேரியர் இதே ஊகத்தைச் சொல்லும். பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றிய வாக்கியம் அப்படியே நேருக்கு நேர் பொருந்தும். இங்கே நோக்கு நேரம் எது? சிலர், உண்மை தெரியவரும் பிந்தைய நேரம் என்பார்கள்: போன் வரும்போது தெரியும், அவர் போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு இது தமிழுக்கு ஒட்டுவதாகத் தோன்றவில்லை. “அப்பா இப்போது வீட்டில் இருப்பார்” என்றும் சொல்கிறோமே. அங்கே முன்பின் பார்வையே இல்லை, ஊகம் மட்டும் இருக்கிறது. “அந்தக் காலத்தில் காலையில் மில் சங்கு ஊதும்” என்றால் வழக்கம். நம் எதிர்கால இடைநிலை நேரத்தைவிட நிச்சயமின்மையையும் வழக்கத்தையும்தான் அதிகம் சுமக்கிறது. ஆகவே ‘போய்ச் சேர்ந்திருப்பார்’ என்பதில் நோக்கு நேரம் இப்போதுதான். ‘இருப்பார்’ ஊகத்தின் குறி. ரைகன்பாக்கின் மூன்று புள்ளிகள் நேரத்தை அளக்கும், நம்பிக்கையின் அளவை அளக்காது. அவருடைய முறையின் எல்லை இது.

ஆபத்து இதற்கு அடுத்த படியில். “நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்.” நீ சொல்லவில்லை, நான் வரவில்லை. எதிர்காலமும் இல்லை, ஊகமும் இல்லை. பட்டியலை நம்பிய பிள்ளை ‘வந்திருப்பேன்’ என்பதைப் பார்த்ததும் ஃப்யூத்யூர் ஆந்தேரியர் போடுகிறது. வேண்டியது கோந்திஸியோனெல் பாஸே. தன்மை ஒருமையில் இரண்டுக்கும் உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒன்றே, எழுத்தில் கடைசியில் ஓர் எஸ்தான் கூடுதல் என்பதால், வாயால் சொல்லும்போது பிழை நம் காதிலும் விழாது. படர்க்கைக்கு மாற்றி எழுதச் சொன்னால்தான் வெளியே வரும்.

இதையே இன்னும் கூர்மையாகக் காட்டும் ஒரு வாக்கியம்: “அவர் நேற்று வந்திருந்தால் அம்மாவைப் பார்த்திருப்பார்.”

இதற்குத் தமிழில் இரண்டு பொருள். அவர் வரவில்லை என்று தெரிந்து சொல்கிறேன் என்பது ஒன்று. அவர் வந்தாரா என்று எனக்குத் தெரியாது, வந்தது உண்மையானால் அம்மாவை நிச்சயம் பார்த்திருப்பார், அம்மாவையே கேட்டுக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டிலும் நிகழ்வு நேற்று, பேச்சு இன்று. ஒரு எழுத்து மாறாமல் தமிழ் இரண்டையும் தாங்குகிறது. பிரெஞ்சு தாங்காது. முதலாவதற்கு ‘ஸி’க்குப் பின் ப்ளூ-கெ-பார்ஃபே, அடுத்து கோந்திஸியோனெல் பாஸே. இரண்டாவதற்கு ‘ஸி’க்குப் பின் பாஸே கொம்போஸே, அடுத்து ஃப்யூத்யூர் ஆந்தேரியர். ஆக, முதல் பாதியிலுள்ள ‘இருந்தால்’ கூட நம் பட்டியல் சொல்கிறபடி போகவில்லை.

பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “வந்தாரா, இல்லையா?” ‘வரவில்லை’ என்று பதில் வந்தால் முதல் வழி. ‘தெரியாது’ என்றால் இரண்டாவது வழி. “இனிமேல்தான் வருவார்” என்றால் அந்த வாக்கியமே அப்படி இருக்க முடியாது, தமிழைத் திருத்தச் சொல்லுங்கள்.

நம் பட்டியலில் இல்லாத ஒன்று, இருந்திருந்தால் எல்லோருக்கும் உதவியிருக்கும். ‘பெய்யப்போகிறது’ என்பதும் ‘பெய்யும்’ என்பதும் ஒன்றல்ல. கருமேகத்தைப் பார்த்து “மழை பெய்யப்போகிறது” என்கிறோம். நோக்கு நேரம் இப்போது, நிகழ்வு அதற்குப் பிறகு வரவிருப்பது. ஈரத் தெருவைப் பார்த்து ‘பெய்திருக்கிறது’ என்றதன் மறுபக்கம் இது. “அடுத்த வாரம் மழை பெய்யும்” என்றால் நோக்கு நேரமே அடுத்த வாரத்துக்குப் போய்விடுகிறது. பிரெஞ்சின் ஃப்யூத்யூர் ப்ரோஷும் ஃப்யூத்யூர் ஸேம்ப்ளும் இதே பிரிவில்தான் தொடங்கின. அங்கேயும் ‘போ’ என்ற வினையே துணைக்கு வருகிறது. இந்த ஓரிடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் உதவி தேவையே இல்லை, ஆனாலும் நாம் ஆங்கிலம் வழியாகத்தான் விளக்குகிறோம்.

“இதோ வந்துட்டேன்” என்று வீட்டிலிருந்தே போனில் சொல்கிறவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நிகழ்வு இன்னும் நடக்கவில்லை, வடிவம் இறந்தகாலம். தொல்காப்பியர் வினையியலில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்: வராத காலத்தையும் விரைவு கருதி இறந்தகாலத்தில் சொல்வது உண்டு என்று. பேசுகிறவர் நோக்கு நேரத்தைத் தூக்கி, தான் வந்து நிற்கும் வேளையில் வைத்துவிட்டார். கேட்கிறவரையும் அங்கே நிற்கச் சொல்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்தில் நிகழ்காலத்தில் ‘ழாரீவ்’ என்பார்கள். பரீட்சையில் இது வராது; ஆனால் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். அடுத்த வகுப்பில் அந்த மூன்று வரிப் பட்டியலை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொடுங்கள்: காரியம் எப்போது நடந்தது? நீ எந்த நேரத்தில் நின்று அதைப் பார்க்கிறாய்? ‘இருப்பேன்’, ‘இருந்தால்’ வந்தால் மட்டும் மூன்றாவதாக: நடந்ததா, இல்லையா, தெரியாதா? விடையை எழுதிய பிறகே பிரெஞ்சு வினையில் கை வைக்க விடுங்கள். மேலே சொன்ன ‘அவர் நேற்று வந்திருந்தால்’ வாக்கியத்தை முதல் பயிற்சியாகக் கொடுங்கள். உங்கள் மாணவர்கள் வேறு பொருள் எதையாவது கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.